கார்த்திகை என்றால் எந்த மாதம்? பழைய கொப்பிகளின் திகதிகளை எண்களாக மாற்றும் முறை

கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்கார அமைப்பொன்றின் பழைய வரவுசெலவுக் கொப்பிகளைக் கணினியில் ஏற்றித் தரும் வேலை ஒருமுறை என் கைக்கு வந்தது. விதைநெல், உரம், உழவு இயந்திர வாடகை, வாய்க்கால் துப்புரவுக் கூலி என்று எல்லாம் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ‘கார்த்திகை 27, வியாழக்கிழமை’ என்பதுபோல மாதமும் நாளும் கிழமையும் இருந்தன. அவற்றை அப்படியே விரிதாளில் தட்டெழுதி வரிசைப்படுத்தியபோது ஆடி, ஆனி, ஆவணி மூன்றும் தலைமாட்டில் திரண்டன; அவற்றின் பின் ஐப்பசி, கார்த்திகை, சித்திரை வந்தன; வைகாசி அடியில் போய் நின்றது. விரிதாள் தவறேதும் செய்யவில்லை. அதற்கு மாதம் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு திகதியையும் 2003-11-27 என்ற வடிவத்துக்குக் கொண்டுவருவதாகும். ஆண்டு நான்கு இலக்கத்திலும், மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கத்திலும், பெரியது முதலில் வரும்படி எழுதப்படுவதால், இதை எழுத்தாகக் கொண்டு வரிசைப்படுத்தினாலும் காலவரிசையே கிடைக்கும். 9 என்பதை 09 என்று எழுதவேண்டும். சுழியம் விடுபட்டால் எழுத்துவரிசையில் 10 என்பது 9-க்கு முன்னால் போய்விடும். இந்த வடிவத்தைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. சிக்கல் முழுவதும் மாதப் பெயரை எண்ணாக மாற்றும் இடத்திலேயே இருக்கிறது.

ஒரே பெயர், இரண்டு மாதங்கள்

வன்னியில் ‘கார்த்திகை 27’ என்று சொன்னால் கேட்பவர் நவம்பர் 27-ஐயே நினைப்பார். யூலையை ஆடி என்றும், மே மாதத்தை வைகாசி என்றும் எழுதுவது நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். இவ்வழக்கில் தை என்பது சனவரியின் வேறு பெயர். தை 1 என்பது சனவரி 1. ஆனால் அதே மனிதர், அதே வாயால், தைப்பொங்கல் தை மாதம் முதலாம் நாள் என்றும் சொல்வார். அந்தத் தை சனவரி 14-இலோ 15-இலோ பிறக்கும் சூரிய மாதம். பேச்சில் இவ்விரண்டும் ஒருபோதும் முட்டிக்கொள்வதில்லை, ஏனெனில் எதைப்பற்றிப் பேசுகிறோம் என்பது இருவருக்கும் தெரியும். கொப்பியில் எஞ்சுவதோ வெறும் ‘தை 9’ மட்டுமே.

ஆகவே முதலில் முடிவுசெய்ய வேண்டியது, கொப்பியை எழுதியவர் எந்தத் தையைக் கருதினார் என்பது. கணக்குக் கொப்பி, கூட்ட அறிக்கை, பாடசாலைப் பதிவு, நிருவாகக் கடிதம் ஆகியவற்றில் பெரும்பாலும் முதல் வழக்கையே எதிர்பார்க்கலாம். இதைக் கீழே ‘பெயர்வழக்கு’ என்பேன். கோயில் உபயக் கொப்பி, சாதகக் குறிப்பு, திருமண நாளோலை ஆகியவற்றில் சூரிய மாதத்தை, அதாவது ‘பஞ்சாங்க வழக்கை’, எதிர்பார்க்கலாம். எதிர்பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். அதைச் சோதித்து உறுதிசெய்ய அதே வரியில் எழுதப்பட்டிருக்கும் கிழமை உதவும். கிழமையைத் தேவையற்ற அலங்காரம் என்று எண்ணித் தட்டெழுதாமல் விடுவோர் உண்டு. அவ்வாறு விடுவது, பூட்டை வைத்துக்கொண்டு திறப்பை எறிவதற்கு ஒப்பாகும்.

விரிதாளை அமைத்தல்

முதல் நிரலில் கொப்பியில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அப்படியே தட்டெழுதுங்கள். அதை எக்காலத்திலும் திருத்தாதீர்கள். அடுத்த நான்கு நிரல்களில் ஆண்டு, மாதப் பெயர், நாள், கிழமை ஆகியவற்றைப் பிரித்து எழுதுங்கள். பின்னர் `Months` என்ற பெயரில் தனித்தாள் ஒன்றைத் திறந்து, முதல் நிரையில் தலைப்பை இட்டு, இரண்டாம் நிரையிலிருந்து ஒரு பக்கம் மாதப் பெயரும் மறுபக்கம் அதன் எண்ணும் வரும்படி நிரப்புங்கள்.

```
தை,1
சனவரி,1
ஜனவரி,1
மாசி,2
பெப்ரவரி,2
பங்குனி,3
```

இவ்வாறே சித்திரை 4, வைகாசி 5, ஆனி 6, ஆடி 7, ஆவணி 8, புரட்டாதி 9, ஐப்பசி 10, கார்த்திகை 11, மார்கழி 12 என்று தொடரவேண்டும். தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் சித்திரைக்கு 1 என்று இடத் தோன்றும். நானும் முதல் நாள் அப்படித்தான் இட்டேன்; தைக்கு 10 விழுந்து, காலபோக அறுவடைக்கூலி எல்லாம் ஒக்டோபர் மாதத்தில், விதைப்புக் காலத்தில் போய் உட்கார்ந்த பிறகே பிழை தெரிந்தது.

ஒரே மாதம் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனைக்கும் பட்டியலில் தனி நிரை வேண்டும். யூன், ஜூன், யூலை, ஜூலை, ஒக்டோபர், ஒக்ரோபர், அக்டோபர், புரட்டாதி, புரட்டாசி, ‘கார்த்.’ என்ற சுருக்கம் ஆகிய அனைத்தும் இடம்பெறட்டும். விரிதாளில் தமிழ் மொழியைத் தெரிவுசெய்தால் இதெல்லாம் தானாக நடக்கும் என்று சிலர் கருதுகின்றனர். அது அறிந்திருக்கும் பெயர்கள் பிப்ரவரி, அக்டோபர் போன்றவை. நமது பெப்ரவரியையும் ஒக்டோபரையும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது, ஐப்பசியைப் பற்றிப் பேசவே வேண்டாம். சொந்தப் பட்டியலே நம்பத்தக்கது.

`Days` என்ற இன்னொரு தாளில் ஞாயிறு 1, திங்கள் 2, செவ்வாய் 3, புதன் 4, வியாழன் 5, வெள்ளி 6, சனி 7 என்று எழுதி, ‘வியாழக்கிழமை’ போன்ற நீண்ட வடிவங்களையும் அதே எண்களோடு சேருங்கள். இனி முதல் தாளில் பின்வரும் சூத்திரங்களை முறையே F2, G2, H2, I2 ஆகிய கலங்களில் இடலாம்.

```
=VLOOKUP(TRIM(C2),Months!$A$2:$B$80,2,FALSE)
=DATE(B2,F2,D2)
=AND(DAY(G2)=D2,WEEKDAY(G2)=VLOOKUP(TRIM(E2),Days!$A$2:$B$40,2,FALSE))
=TEXT(G2,"yyyy-mm-dd")
```

முதலாவது சூத்திரம் மாத எண்ணைத் தரும். இரண்டாவது திகதியை அமைக்கும். நான்காவது அதை நமக்கு வேண்டிய வடிவில் எழுதும். மூன்றாவதே இவற்றுள் காவற்காரன். அது இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. அமைத்த திகதியின் நாள், கொப்பியில் உள்ள நாளேதானா? அதன் கிழமை, கொப்பியில் உள்ள கிழமையேதானா? இரண்டுக்கும் ஆம் என்றால் `TRUE`, இல்லையேல் `FALSE`. முதற் கேள்வி தேவைப்படுவதற்குக் காரணம், மாசி 30 என்று கொடுத்தால் `DATE` மறுக்காமல், பெப்ரவரி முடிந்து மிஞ்சிய நாட்களை மார்ச்சில் சத்தமில்லாமல் சேர்த்துவிடும் என்பதாகும். ஆண்டை 03 என்று இரண்டு இலக்கத்தில் எழுதினாலும் எக்செல் அதை 1903 என்றே கொள்ளும். அதையும் பெரும்பாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். 2003 நவம்பர் 27 வியாழன். 1903 நவம்பர் 27 வெள்ளி.

F நிரலில் `#N/A` என்று வந்தால் அந்த எழுத்து வடிவம் பட்டியலில் இல்லை என்பது பொருள். பட்டியலில் இருப்பதுபோலவே கண்ணுக்குத் தெரிந்தும் இப்படி வருமாயின், ‘ஒக்டோபர்’ என்பதிலுள்ள ‘டோ’ இரு வேறு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும்: ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரண்டு சொற்கள். அந்தக் கலத்தை அழித்து உங்கள் விசைப்பலகையால் மீளத் தட்டெழுதுவதே எளிய வழி. பழைய கோப்பில் `fhu;j;jpif` என்று தெரிந்தால் அது பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட ‘கார்த்திகை’. வேறெதையும் தொடங்கும் முன் அந்தக் கோப்பு முழுவதையும் யுனிகோடுக்கு மாற்றிவிடவேண்டும்.

கிழமையைக் கொண்டு வழக்கைத் தீர்மானித்தல்

கமக்கார அமைப்பின் 2003-ஆம் ஆண்டுக் கொப்பியில் ‘ஐப்பசி 13, திங்கட்கிழமை’ என்று ஒரு வரி. பெயர்வழக்கின்படி அது ஒக்டோபர் 13. 2003-இல் அந்நாள் திங்கள். பஞ்சாங்க வழக்கின்படி ஐப்பசி ஒக்டோபர் 17-இலோ 18-இலோ பிறப்பதால், பதின்மூன்றாம் நாள் ஒக்டோபர் 29 புதனாகவோ 30 வியாழனாகவோ இருந்திருக்கும். இரண்டுமே திங்கள் அல்ல. எனவே இவ்வரி பெயர்வழக்கு.

அதே ஆண்டின் கோயில் உபயக் கொப்பியொன்றில் ‘ஆவணி 20, வெள்ளிக்கிழமை’ என்று இருப்பதாகக் கொள்வோம். ஆகஸ்ட் 20 அவ்வாண்டு புதன்; H நிரல் `FALSE` என்று காட்டும். ஆவணி ஆகஸ்ட் 17-இல் பிறந்ததாக எடுத்துக்கொண்டு எண்ணினால் இருபதாம் நாள் செப்டெம்பர் 5; அது வெள்ளி. இவ்வரி பஞ்சாங்க வழக்கு. இத்தகைய கொப்பிக்கு, அந்தந்த மாதம் எத்தனையாம் திகதி பிறந்தது என்பதை J நிரலில் எழுதி, G2-இல் பின்வரும் சூத்திரத்தை இட்டுத் திகதியைப் பெறலாம். இங்கே இரண்டு நாளெண்களும் ஒத்துவராது என்பதால், H நிரலின் சூத்திரத்திலிருந்து `DAY(G2)=D2,` என்ற பகுதியை நீக்கிவிடுங்கள்.

```
=DATE(B2,F2,J2)+D2-1
```

மார்கழி 20 போன்ற நாட்கள் அடுத்த ஆண்டின் சனவரிக்குள் போய்விடும் என்பதை இச்சூத்திரம் தானே கவனித்துக்கொள்ளும். எழுதியவர் அந்நாளில் புதிய ஆண்டையே இட்டிருந்தாரானால் மட்டும் ஓராண்டு கூடிவிடும். B நிரலில் ஒன்றைக் குறைக்கவேண்டும். மாதப் பிறப்பைப் பொதுவான பட்டியலிலிருந்து எடுக்காமல், அவ்வாண்டின் நாட்காட்டியைப் பார்த்தே எழுதுங்கள். மாதம் பிறக்கும் நாள் ஆண்டுக்காண்டு ஒரு நாள் அசையும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில மாதங்களில் ஒரு நாள் வேறுபடும். கோயிலார் எதைப் பின்பற்றினர் என்று கேட்டறிவது நன்று.

இனி, புதியவர்கள் அறியாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 2003-இல் ‘ஆனி 10, செவ்வாய்க்கிழமை’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். யூன் 10 செவ்வாய்; காவற்காரன் `TRUE` என்று சொல்லிவிடுவான். ஆனால் ஆனி யூன் 15-இல் பிறந்திருந்தால், பஞ்சாங்க வழக்கின்படி பத்தாம் நாள் யூன் 24, அதுவும் செவ்வாய். காரணம் எளியது. மாதம் 15-ஆம் திகதி பிறக்கும்போது இரு வழக்குகளுக்கும் இடைவெளி சரியாகப் பதினான்கு நாட்கள், அதாவது இரண்டு முழு வாரங்கள். கிழமை மாறவே மாறாது. எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் விடை கிடைக்காது.

எந்தெந்த மாதங்களில் இந்தக் குருட்டிடம் உண்டு என்பதை மாதப் பிறப்பிலிருந்தே அறியலாம். ஆனி பெரும்பாலும் யூன் 15-இலேயே பிறக்கும். தை, பங்குனி, வைகாசி ஆகியவை 14-இலோ 15-இலோ பிறக்கும். சித்திரை வழமையாக 14 ஆயினும் எப்போதாவது ஒரு நாள் நகரும். ஆடி முதல் மார்கழி வரையுள்ள ஆறு மாதங்களும் 16-க்கும் 18-க்கும் இடையில் பிறப்பதால் அங்கே இடைவெளி 15 முதல் 17 நாட்கள். கிழமை ஒன்றிலிருந்து மூன்று வரை நகர்ந்துவிடும். மாசி 12-இலோ 13-இலோ பிறப்பதால் அதுவும் தெளிவாகப் பிரியும்.

ஆகவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியே தீர்மானிக்க முயலாதீர்கள். கொப்பி ஒன்றில் ஆடி முதல் மார்கழி வரையிலான வரிகளில் ஒரு பத்தைத் தெரிந்தெடுத்து, இரு வழக்கிலும் சோதியுங்கள். பத்தில் ஒன்பது ஒரே வழக்கில் பொருந்தினால் அக்கொப்பி முழுவதற்கும், ஆனிக்கும் தைக்கும் உட்பட, அதே வழக்கைக் கொள்ளலாம். எஞ்சிய ஒன்று பெரும்பாலும் எழுதியவரின் கைப்பிசகாக இருக்கும். எழுத்து ஒருவருடையதாக உள்ளவரை மட்டுமே இது செல்லும். பொருளாளர் மாறிக் கையெழுத்து மாறும் பக்கத்திலிருந்து மீண்டும் பத்து வரிகளைச் சோதிக்கவேண்டும்.

நாளின் எண்ணும் சில வேளை தனியே சாட்சி சொல்லும். மாசி 30, ஆனி 31 ஆகியவை பெப்ரவரியிலும் யூனிலும் இருக்க முடியாதவை. அவை பஞ்சாங்க வழக்கு. மறுபுறம், சூரிய மாதமான மார்கழிக்கும் தைக்கும் 29 அல்லது 30 நாட்களே உண்டு. மார்கழி 31 என்று கண்டால் அது திசெம்பர் 31 என்று ஐயமின்றி எழுதலாம்.

பிறப்புக் குறிப்புகளில் மட்டும் வேறொரு வகைப் பிசகைக் காண்பீர்கள்: வரிக்கு வரி அல்லாமல், நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்தவற்றில் மட்டும் கிழமை ஒரு நாள் பின்தங்கும். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால், செவ்வாய் விடியப்புறம் இரண்டு மணிக்குப் பிறந்த பிள்ளைக்குத் திங்கட்கிழமை என்று எழுதியிருப்பார்கள். அது பிழையன்று, திருத்தவேண்டாம், குறிப்பாக அருகில் எழுதிவையுங்கள்.

முகப்பு அட்டை இல்லாத கொப்பி

எனக்குக் கிடைத்த கொப்பிகளுள் ஒன்றுக்கு அட்டையும் முதல் சில தாள்களும் இல்லை; ஆண்டு எங்கும் எழுதப்படவில்லை. இடம்பெயர்வுகளில் பெட்டிக்குள்ளும் உரப்பையிலுமாக அலைந்து வந்த கொப்பிகளில் இது அரிய குறையன்று. ஒரு காலபோகத்தின் விதைப்பு முதல் அறுவடைவரை அதில் இருந்தது. பெயர்வழக்கு என்பதும் மற்றக் கொப்பிகளின் கையெழுத்தால் தெரிந்தது. ‘கார்த்திகை 27, வியாழன்’ என்பதே தொடக்கத்தில் தெளிவாகத் தெரிந்த வரி.

1990-க்கும் 2015-க்கும் இடையில் நவம்பர் 27 வியாழனாக வரும் ஆண்டுகள் 1997, 2003, 2008, 2014. இவற்றுள் 2014-க்கு முன்னரே கொப்பி மூடப்பட்டது என்பதை அதை வைத்திருந்த ஐயா உறுதியாகச் சொன்னார், மூன்று எஞ்சின. ‘மாசி 9, திங்கள்’ என்ற வரி உதவும் என்று நினைத்தேன். 1998, 2004, 2009 ஆகிய மூன்றிலும் பெப்ரவரி 9 திங்களே. பக்கத்துக்குப் பக்கம் பார்த்துக்கொண்டே போனபோது, நெல் விற்ற கணக்கில் ‘பங்குனி 9, செவ்வாய்’ கிடைத்தது. சாதாரண ஆண்டில் பெப்ரவரிக்கு 28 நாட்கள் ஆதலால் பெப்ரவரி 9-உம் மார்ச் 9-உம் ஒரே கிழமையில் வரும்; நெட்டாண்டில் மட்டுமே மார்ச் 9-இன் கிழமை ஒரு நாள் தள்ளிப்போகும். மூன்றுள் 2004 மட்டுமே நெட்டாண்டு. கொப்பி 2003/2004 காலபோகத்தினது என்பது அந்த ஒரு வரியால் தீர்ந்தது.

இதிலிருந்து பெறவேண்டிய நடைமுறை இது: ஆண்டு தெரியாதபோது மாசி முடிவுக்கு முன்னுள்ள ஒரு வரியையும் பின்னுள்ள ஒரு வரியையும் சேர்த்தே சோதியுங்கள். ஒரே திகதி ஒரே கிழமையில் ஐந்து, ஆறு அல்லது பதினொரு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், கிழமையால் ஆண்டைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களிடம் ஏற்கெனவே உள்ள இரண்டு மூன்று ஆண்டுகளுள் ஒன்றைத் தெரிவுசெய்ய மட்டுமே முடியும். எல்லையை முதலில் ஆட்கள் சொல்லவேண்டும். காலபோகம் இரண்டு ஆண்டுகளில் நடப்பதால், தை வரியிலிருந்து B நிரலில் ஆண்டைக் கூட்டவும் மறவாதீர்கள்.

தீராத வரிகள்

நாள் கறையானரித்து மாதம் மட்டும் தெரியும் வரிகளுக்கு 01 என்று இட்டு நிரப்பக் கூடாது. பின்னாளில் எவரேனும் அதை உண்மைத் திகதி என்று கொள்வார்கள். அவ்விடத்தில் I நிரலில் 2003-06 என்று மட்டும் எழுதுங்கள். எழுத்துவரிசையில் அது 2003-06-01-க்குச் சற்று முன்னால், அம்மாதத்தின் தலைப்பில் போய் நிற்கும். தட்டெழுதும் முன் அந்தக் கலத்தின் வடிவத்தை எழுத்து என்று மாற்றிவிடவேண்டும். இல்லையேல் எக்செல் தானாகவே அதை யூன் முதலாம் திகதி ஆக்கிவிடும். ஆனி 10 போல இரு வழக்கும் பொருந்தி, கொப்பியின் மற்ற வரிகளாலும் தீராத திகதிக்கு முந்திய நாளை I நிரலிலும் பிந்திய நாளை K நிரலிலும் எழுதி, இரண்டையும் அப்படியே விட்டுவையுங்கள். எழுதியவரின் பிள்ளைகள் எவரேனும் ஊரில் இருந்தால், அந்த ஆனியில் அச்செலவு நடந்தபோது கோயில் கொடியேற்றம் முடிந்திருந்ததா இல்லையா என்று கேட்டாலே போதும்.